பனிச்செதில் வளைவரை: சுற்றளவு முடிவின்றி வளரும், பரப்பளவு ஓரிடத்தில் நிற்கும்

பனிச்செதில் வளைவரை ஒரு சாதாரண சமபக்க முக்கோணத்தில் தொடங்குகிறது. முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று சம துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். நடுத்துண்டை அடிப்பக்கமாகக் கொண்டு, வெளிப்புறம் நோக்கி ஒரு சிறிய சமபக்க முக்கோணம் வரைய வேண்டும். பிறகு அந்த நடுத்துண்டை மட்டும் அழித்துவிட வேண்டும். மூன்று பக்கங்களிலும் இப்படிச் செய்தால் ஆறு முனைகள் கொண்ட நட்சத்திரம் கிடைக்கும். அதற்கு இப்போது பன்னிரண்டு பக்கங்கள். அந்தப் பன்னிரண்டு பக்கங்களிலும் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும், அதன்பின் கிடைக்கும் நாற்பத்தெட்டுப் பக்கங்களிலும் செய்ய வேண்டும். இப்படியே நிறுத்தாமல் தொடர்ந்தால் உருவம் எதை நெருங்கிச் செல்கிறதோ, அதுதான் பனிச்செதில் வளைவரை. மூன்றாவது படியிலேயே ஓரம் முழுக்கப் பூவேலை செய்தது போலாகி, உருப்பெருக்கியில் பார்த்த பனிப்படிகத்தின் சாயல் வந்துவிடுகிறது. பெயர் அந்தச் சாயலால் வந்தது. உண்மையான பனிப்படிகம் இந்த முறையில் வளர்வதில்லை.

இதை அமைத்தவர் சுவீடனைச் சேர்ந்த கணிதவியலாளர் ஹெல்கே வான் கோக். 1870-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். 1904-ல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட கட்டுரையில், எங்கும் அறுபடாத, ஆனால் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு வரைய முடியாத ஒரு வளைவரையை அவர் காட்டினார். அப்படிப்பட்ட வளைவரை உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். 1872-ல் ஜெர்மானியக் கணிதவியலாளர் வயர்ஸ்ட்ராஸ் பெர்லின் அகாதெமியில் ஓர் எடுத்துக்காட்டு தந்திருந்தார். ஆனால் அது முடிவிலாத் தொடராக எழுதப்பட்ட ஒரு சார்பு. சூத்திரத்தைப் பார்த்தால் நிரூபணம் புரியும். கோடு எப்படி இருக்கும் என்பது மனக்கண்ணில் வராது. அளவுகோலும் பென்சிலும் வைத்துப் பள்ளிப் பிள்ளைகூட வரையத் தொடங்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் என்பதே கோக்கின் எண்ணம். அவர் எடுத்துக்கொண்டது ஒற்றை நேர்கோட்டுத் துண்டு மட்டுமே. அதன் மேல் எழும் வளைவரைகள் மூன்றை முக்கோணத்தின் மூன்று பக்கங்களில் பொருத்தினால் பனிச்செதில் முழுமையாகிறது.

எண்களை வைத்துப் பார்க்க, பக்க நீளத்தை 81 செ.மீ. என எடுத்துக்கொள்வது வசதி. மூன்றால் நான்கு முறை மீதியில்லாமல் வகுபடும் எண் அது. தொடக்க முக்கோணத்தின் சுற்றளவு 243 செ.மீ. முதல் படியில் ஒவ்வொரு பக்கமும் 27 செ.மீ. ஆகிறது, பக்கங்கள் 12, சுற்றளவு 324 செ.மீ. இரண்டாம் படியில் 9 செ.மீ. நீளத்தில் 48 பக்கங்கள், சுற்றளவு 432. மூன்றாம் படியில் 3 செ.மீ. நீளத்தில் 192 பக்கங்கள், சுற்றளவு 576. நான்காம் படியில் பக்க நீளம் 1 செ.மீ., பக்கங்கள் 768. ஆகவே சுற்றளவும் 768 செ.மீ.

ஒவ்வொரு படியிலும் நடப்பது ஒன்றுதான். மூன்று துண்டாக இருந்த பக்கத்தில் ஒரு துண்டு போய், அதே நீளத்தில் இரண்டு துண்டுகள் வருகின்றன. மூன்று நான்காகிறது. எனவே சுற்றளவு ஒவ்வொரு முறையும் 4/3 மடங்காகிறது. தொடக்கச் சுற்றளவு P என்றால், n படிகளுக்குப் பின் சுற்றளவு

P × (4/3)ⁿ

இதையே தொடராகவும் எழுதலாம். ஒவ்வொரு படியிலும் புதிதாகச் சேரும் நீளத்தை மட்டும் பார்த்தால் முதலில் 81, பிறகு 108, பிறகு 144, 192, 256 எனப் போகிறது. ஆகவே சுற்றளவு

243 + 81 + 108 + 144 + 192 + 256 + …

இரண்டாம் உறுப்பிலிருந்து இது பொது விகிதம் 4/3 கொண்ட பெருக்குத் தொடர். உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போகாமல் பெருத்துக்கொண்டே போகின்றன. இத்தொடருக்கு முடிவான கூடுதல் கிடையாது என்பதைக் காட்டச் சூத்திரம்கூட வேண்டாம். சேரும் ஒவ்வொரு உறுப்பும் 81-க்குக் குறையாதது. எந்தப் பெரிய எண்ணைச் சொன்னாலும், 81-ஐ மட்டும் திரும்பத் திரும்பக் கூட்டியே அதைத் தாண்டிவிடலாம். அப்படியிருக்க, வளர்ந்துகொண்டே போகும் உறுப்புகளைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் தாண்டலாம். கணிதத்தில் இத்தகைய தொடரை விரியும் தொடர் என்பார்கள்.

தாண்டும் வேகம் வியப்பூட்டுவது. 21-ஆம் படியில் சுற்றளவு ஒரு கிலோமீட்டரைக் கடக்கிறது. 58-ஆம் படியில் சுமார் 42,900 கிலோமீட்டராகி, பூமியின் நடுக்கோட்டுச் சுற்றளவான 40,075 கிலோமீட்டரையும் கடந்துவிடுகிறது. இத்தனையும் ஒரு மேசையின் மேல் விரித்துவைக்கக்கூடிய காகிதத்துக்குள்.

ஆனால் எந்தக் காகிதத்திலும் இதை இவ்வளவு தூரம் வரைய முடியாது. ஆறாம் படியில் ஒவ்வொரு பக்கமும் 1.1 மி.மீ. ஆகிவிடுகிறது, கோட்டின் மொத்த நீளம் 13.65 மீட்டர். ஏழாம் படியில் பக்கம் 0.37 மி.மீ. சாதாரணப் பேனாக் கோட்டின் தடிமனே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் என்பதால், அதற்கு மேல் வரைவது முன்பு வரைந்ததை மறைப்பதாகத்தான் இருக்கும். ஒரு கிலோமீட்டரைக் கடக்கும் அந்த 21-ஆம் படியில் பக்க நீளம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தைவிடச் சிறியது. கையால் செய்யக்கூடியது முதல் சில படிகள்தான். எஞ்சியதையெல்லாம் கணக்குத்தான் பார்க்கிறது.

இங்கே நிதானிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. படிகளின் சுற்றளவுகள் எல்லையின்றி வளர்கின்றன என்பது உறுதியாயிற்று. ஆனால் கேள்வி அந்தப் படிகளைப் பற்றியது அல்ல. அவை எல்லாம் நெருங்கிச் செல்லும் இறுதி வளைவரையைப் பற்றியது. படிகளின் நீளம் எதை நோக்கிப் போகிறதோ அதுவே இறுதி வளைவரையின் நீளம் என்று எடுத்துக்கொள்ளலாமா? பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மீட்டர் நீளமுள்ள கோட்டின் மேல் 10 செ.மீ. உயரத்தில் 100 ரம்பப் பற்களை நெருக்கமாக வரைந்தால், ஒவ்வொரு பல்லிலும் ஏறியிறங்க வேண்டியிருப்பதால் கோட்டின் நீளம் 20 மீட்டருக்குக் குறையாது. பல்லின் உயரத்தை 1 செ.மீ. ஆக்கி, எண்ணிக்கையை 10,000 ஆக்கினால் நீளம் 200 மீட்டருக்கு மேல். 1 மி.மீ. உயரத்தில் பத்து லட்சம் பற்கள் என்றால் 2 கிலோமீட்டருக்கு மேல். நீளம் எல்லையின்றி வளர்கிறது. ஆனால் பற்களின் உயரம் சுழியை நோக்கிப் போவதால், உருவம் நெருங்கிச் செல்வதோ வெறும் ஒரு மீட்டர் நேர்கோட்டை. படிகளின் நீளம் ஒரு வழி, எல்லையில் கிடைக்கும் கோட்டின் நீளம் வேறு வழி.

பனிச்செதிலில் இப்படி ஏமாறாமல் காப்பது அதன் மூலைகள். ஒரு படியில் அழிக்கப்படுவது நடுத்துண்டின் உட்பகுதி மட்டுமே. துண்டுகளின் முனைப்புள்ளிகளும், புதிதாக எழுந்த முக்கோணத்தின் உச்சியும் அதன்பின் எந்தப் படியிலும் நகர்வதில்லை. எனவே ஒவ்வொரு படியின் மூலைகளும் இறுதி வளைவரையின் மேலேயே அமைந்திருக்கின்றன. இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி நேர்கோடு. ஆகவே இறுதி வளைவரை, தன் மேலுள்ள மூலைகளை நேர்கோடுகளால் இணைக்கும் பலகோணத்தைவிட நீளத்தில் குறைந்ததாக இருக்க முடியாது. அது 768 செ.மீ.க்குக் குறையாது, 1,024-க்குக் குறையாது, எந்தப் படியின் சுற்றளவுக்கும் குறையாது. எல்லா எண்ணையும் தாண்டும் ஒன்றுக்குக் குறையாதது முடிவில்லாததாகத்தான் இருக்கும். ரம்பப் பற்களில் இந்த வாதம் செல்லாது. அங்கே பற்களின் உச்சிகள் இறுதி நேர்கோட்டின் மேல் இல்லை.

இனி பரப்பளவு. சதுர சென்டிமீட்டரில் கணக்கிட்டால் √3 ஒவ்வொரு அடியிலும் குறுக்கே வரும். அதைத் தவிர்க்க, 1 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தையே அளவாக வைத்துக்கொள்ளலாம். பக்கம் 9 செ.மீ. உள்ள முக்கோணத்துக்குள் அப்படிப்பட்ட சிறுமுக்கோணங்கள் 9 × 9 = 81 அடங்கும். அதேபோல் 81 செ.மீ. பக்கமுள்ள தொடக்க முக்கோணத்தின் பரப்பு 6,561 சிறுமுக்கோணங்கள்.

முதல் படியில் 27 செ.மீ. பக்கமுள்ள மூன்று முக்கோணங்கள் சேர்கின்றன. ஒவ்வொன்றும் 729, மூன்றும் சேர்ந்து 2,187. மொத்தம் 8,748. இரண்டாம் படியில் 9 செ.மீ. பக்கமுள்ள 12 முக்கோணங்கள், ஒவ்வொன்றும் 81, சேர்வது 972, மொத்தம் 9,720. மூன்றாம் படியில் 48 முக்கோணங்கள், ஒவ்வொன்றும் 9, சேர்வது 432, மொத்தம் 10,152. நான்காம் படியில் 192 முக்கோணங்கள், ஒவ்வொன்றும் 1, மொத்தம் 10,344. ஐந்தாம் படியில் சேர்வது 85 சொச்சம்தான்.

சுற்றளவில் சேர்க்கைகள் 81, 108, 144 என ஏறின. இங்கே 2,187, 972, 432, 192 என இறங்குகின்றன. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அடுத்த படியில் முக்கோணங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. ஆனால் பக்கம் மூன்றில் ஒரு பங்காவதால் ஒவ்வொன்றின் பரப்பும் ஒன்பதில் ஒரு பங்காகிறது. ஆகவே மொத்தச் சேர்க்கை முந்தையதைப்போல் 4/9 பங்கு. தொடக்க முக்கோணத்தின் பரப்பை 1 என்று வைத்தால், முதல் படியில் சேர்வது 3 × 1/9 = 1/3. முழுப் பரப்பு

1 + 1/3 + (1/3)(4/9) + (1/3)(4/9)² + (1/3)(4/9)³ + …

முதலில் நிற்கும் 1 தனி. அதற்குப் பின் வருவது 1/3-ல் தொடங்கி 4/9 விகிதத்தில் செல்லும் முடிவிலாப் பெருக்குத் தொடர். 1/3-ஐ வெளியே எடுத்தால், மீதியாக 1 + 4/9 + (4/9)² + … என்பது நிற்கும். இதன் முதல் n உறுப்புகளைக் கூட்டி, அந்தக் கூடுதலை 4/9-ஆல் பெருக்கி, முதல் கூடுதலிலிருந்து கழித்தால், இடையில் உள்ள உறுப்புகள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, முதலும் கடைசியும் மட்டும் மிஞ்சும்:

கூடுதல் × (1 − 4/9) = 1 − (4/9)ⁿ

n கூடக் கூட (4/9)ⁿ சுழியை நெருங்குகிறது; n = 10 ஆகும்போதே அது சுமார் 0.0003. எனவே கூடுதல் நெருங்கிச் செல்வது 1 ÷ 5/9, அதாவது 9/5. பள்ளியில் a/(1 − r) என்று படிக்கும் சூத்திரம் இதுவே. ஆகவே முழுப் பரப்பு

1 + (1/3)(9/5) = 1 + 3/5 = 8/5

பனிச்செதிலின் பரப்பளவு தொடக்க முக்கோணத்தின் பரப்பைப் போல் 1.6 மடங்கு. எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டில் அது 6,561 × 1.6 = 10,497.6 சிறுமுக்கோணங்கள். சதுர சென்டிமீட்டரில், 2,841 ஆகத் தொடங்கியது சுமார் 4,546-ல் நிற்கிறது. நான்காம் படியில் 10,344-க்கு வந்துவிட்டோம் என்றால், முடிவில்லாத மற்ற எல்லாப் படிகளுக்கும் சேர்த்து மிச்சமிருப்பது 153.6 மட்டுமே. இது நான்காம் படியில் சேர்ந்த 192-ல் ஐந்தில் நான்கு பங்கு. எந்தப் படியில் நின்று பார்த்தாலும் இந்த உறவு மாறாது: கடைசியாகச் சேர்ந்ததில் 4/5 பங்குதான் இனி மொத்தமாகச் சேரவிருப்பது. பேனா நின்றுபோகும் ஆறாம் படியில் பரப்பளவில் 99.7 விழுக்காடு ஏற்கெனவே வந்துவிட்டது. அதே படியில் நீளத்தில் வந்திருப்பது 13.65 மீட்டர், வர வேண்டியதற்கோ முடிவில்லை.

இந்தக் கணக்கில் சொல்லாமல் விடப்பட்ட ஓர் அனுமானம் இருக்கிறது. பரப்புகளை அப்படியே கூட்ட வேண்டுமானால், சேர்க்கப்படும் முக்கோணங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. இரண்டு முக்கோணங்கள் ஒரே இடத்தை மூடினால் அந்த இடம் இரண்டு முறை எண்ணப்படும். 8/5 என்பது தவறாகிவிடும். படத்தைப் பார்த்தால் ஏறுவதாகத் தெரியவில்லை. ஆனால் படத்தில் ஆறு படிகள்தான் தெரிகின்றன. அறுபதாம் படியில் ஏதோ ஓர் இடுக்கில் இரண்டு முக்கோணங்கள் மோதாது என்பதற்கு என்ன உறுதி?

அந்த உறுதியை ஒரு தட்டையான முக்கோணம் தருகிறது. ஏதேனும் ஒரு பக்கத்தை அடியாக வைத்து, அதன் இரு முனைகளிலும் 30° கோணம் வரும்படி ஓர் இருசமபக்க முக்கோணத்தை வெளிப்புறமாக வரையலாம். அதன் உச்சிக்கோணம் 120°. இதைக் கூடாரம் என்று அழைப்போம். நடுத்துண்டின் மேல் எழும் சமபக்க முக்கோணத்தின் உச்சி மிகச் சரியாக இந்தக் கூடாரத்தின் உச்சியைத் தொடுகிறது. இரண்டின் உயரமும் பக்க நீளத்தை 2√3-ஆல் வகுத்தால் வருவதே. இப்போது புதிதாகக் கிடைத்த நான்கு துண்டுகளின் மேலும் இதேபோல் நான்கு குட்டிக் கூடாரங்களை வரைந்தால், அவை நான்கும் பெரிய கூடாரத்துக்குள்ளேயே அடங்கும். ஓரத்துண்டின் முனையில் குட்டிக் கூடாரத்தின் 30° பெரிய கூடாரத்தின் 30°-உடன் பொருந்துகிறது. உச்சியில் உள்ள 120°-ல் நடு முக்கோணம் 60°-ஐ எடுத்துக்கொள்ள, இரு பக்கமும் 30° மீதமிருக்கிறது; குட்டிக் கூடாரங்களுக்கு அது சரியாகப் போதும். ஓரத்துண்டும் சாய்துண்டும் சந்திக்கும் உள்மூலையில் வெளிக்கோணம் 120°. இரு குட்டிக் கூடாரங்களும் சேர்ந்து 60° எடுத்தாலும் நடுவே 60° இடைவெளி இருக்கிறது. ஆக, குட்டிகள் பெரியதை விட்டு வெளியே போவதும் இல்லை, தங்களுக்குள் மோதுவதும் இல்லை. குட்டிகளுக்குள் அதைவிடக் குட்டிகளுக்கும் இதே நிலைதான். எத்தனையாவது படியானாலும் மோதல் இல்லை.

இந்தக் கூடாரம் இன்னொரு பயனும் தருகிறது. தொடக்க முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் கூடாரம் அமைத்தால் கிடைப்பது ஓர் ஒழுங்கு அறுகோணம். அதன் பரப்பு முக்கோணத்தைப் போல் மிகச் சரியாக இரு மடங்கு. பனிச்செதில் முழுவதும் இந்த அறுகோணத்துக்குள் அடங்கிக் கிடப்பதால், எந்தத் தொடரையும் கூட்டாமலே அதன் பரப்பு 2-ஐத் தாண்டாது என்று தெரிந்துவிடுகிறது. கூட்டி வந்த விடை 8/5. இந்த எல்லைக்குள் அது இருக்கிறது.

இந்த எல்லை விடையைச் சரிபார்க்கவும் உதவும். மாணவர்கள் இந்தக் கணக்கில் தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது, ஒரு படியில் சேரும் முக்கோணங்களின் எண்ணிக்கையாக அந்தப் படி முடிந்தபின் உள்ள பக்கங்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வது. முக்கோணங்கள் எழுவது முந்தைய படியின் பக்கங்களில். முதல் படியில் எழுபவை 3, 12 அல்ல. 12 என்று வைத்தால் விடை 1 + (4/3)(9/5) = 3.4 என வரும். அறுகோணத்துக்குள் அடங்காத விடை என்பதால் தவறு உடனே வெளிப்பட்டுவிடும். இரண்டாவது, பக்கம் மூன்றில் ஒரு பங்கானால் பரப்பும் மூன்றில் ஒரு பங்கு என்று நினைப்பது. அப்போது பொது விகிதம் 4/3 ஆகிவிடும். அதை யோசிக்காமல் a/(1 − r) சூத்திரத்தில் போட்டால் பரப்புக்குக் குறை எண் வரும். பொது விகிதம் −1-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் மட்டுமே அந்தச் சூத்திரம் பேசும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை இருக்க முடியாது.

மூன்றாவது தவறுதான் நயமானது. முதலில் நிற்கும் 1-ஐயும் தொடரின் உறுப்பாகவே எண்ணி, 1 + 4/9 + (4/9)² + … என்று எழுதிவிட்டால் விடை 9/5. இது 2-க்குள் இருப்பதால் அறுகோணம் இதைப் பிடிக்காது. முதல் படியோடு ஒப்பிட்டால் பிடிபடும். அங்கே சேர்வது 1/3, 4/9 அல்ல. தொடக்க முக்கோணத்துக்கு மூன்று பக்கங்களே இருப்பதால் முதல் படியில் மூன்று முக்கோணங்கள்தான் எழ முடியும். ஒன்றிலிருந்து நான்கு என்ற பெருக்கம் அதற்குப் பிறகே தொடங்குகிறது.

தொடரைக் கூட்டாமல் இதே விடைக்கு வர இன்னொரு வழியும் உண்டு. ஒரு பக்கத்தின் மேல் எழும் வளைவரைக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடைப்பட்ட பரப்பை K என்போம். அதில் நடுவே உள்ள முதல் முக்கோணத்தின் பரப்பு 1/9. மீதி, நான்கு துண்டுகளின் மேல் எழும் பகுதிகள். அவை ஒவ்வொன்றும் முழுப்பகுதியின் அச்சு அசலான சிறுவடிவம். நீளத்தில் மூன்றில் ஒன்று, எனவே பரப்பில் ஒன்பதில் ஒன்று. ஆகவே

K = 1/9 + 4 × K/9

இதைத் தீர்த்தால் K = 1/5. மூன்று பக்கங்களுக்கும் 3/5. தொடக்க முக்கோணத்தின் 1-ஐச் சேர்த்தால் மீண்டும் 8/5. முக்கோணங்களை வெளியே எழுப்பாமல் ஒவ்வொரு படியிலும் உட்புறமாக வெட்டிக்கொண்டே போனால் இதே 3/5 கழிந்து, எஞ்சுவது 2/5.

இந்த வழியை நீளத்துக்கும் பயன்படுத்திப் பார்க்கலாம். வளைவரையின் நீளம் L என்றால், அது மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள நான்கு பிரதிகளால் ஆனது. ஆகவே L = 4 × L/3. இந்தச் சமன்பாட்டை நிறைவு செய்யும் முடிவுள்ள எண் சுழி ஒன்றே. ஆனால் 81 செ.மீ. தள்ளியிருக்கும் இரு முனைகளை இணைக்கும் கோட்டின் நீளம் சுழியாக இருக்க முடியாது. ஆகவே L முடிவுள்ள எண்ணே அல்ல. பரப்புச் சமன்பாட்டில் K-ஐத் தயங்காமல் இடம் மாற்றித் தீர்க்க முடிந்ததற்குக் காரணம், அது முடிவுள்ளது என்று கூடாரம் முன்பே உறுதி தந்திருந்ததுதான். அந்த உறுதி இல்லாத இடத்தில் சமன்பாட்டைத் தீர்ப்பது ஆபத்து. நீளச் சமன்பாட்டை அவசரமாகத் தீர்ப்பவர் L = 0 என்று எழுதிவிட்டுப் போகக்கூடும்.

ஒரு பக்கத்தின் மேல் உள்ள முழு வளைவரைக்குச் சொன்னது அதன் எந்தத் துணுக்குக்கும் பொருந்தும். வளைவரையின் மேல் எவ்வளவு நெருக்கமான இரு புள்ளிகளை எடுத்தாலும், அவற்றுக்கு இடையே முழு வளைவரையின் சிறுபிரதி ஒன்றாவது இருக்கும். முடிவில்லாத நீளத்தில் மூன்றில் ஒரு பங்கும் முடிவில்லாததே. எனவே இந்த வளைவரையின் மேல் ஊர்ந்து செல்லும் ஒரு புள்ளி, பக்கத்துப் புள்ளியை அடைவதற்கே முடிவில்லாத தூரம் போக வேண்டும். கோக் காட்ட விரும்பிய தொடுகோடின்மையும் இந்த அமைப்பிலிருந்தே வருகிறது. ஒரு புள்ளியின் அருகே எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் வட்டத்தைப் போல் அது நேர்கோடாகத் தோன்றத் தொடங்காது. அதே மேடு பள்ளங்கள் அதே கூர்மையுடன் திரும்ப வரும்.

நீளம், பரப்பு இரண்டையும் முடிவு செய்தது நான்கு என்ற ஒரே எண். நான்கு பிரதிகளின் அளவை நீளமாக எடுத்தால் 4 × 1/3. அது 1-ஐவிடப் பெரியது, தொடர் விரிகிறது. பரப்பாக எடுத்தால் 4 × 1/9. அது 1-ஐவிடச் சிறியது, தொடர் ஒருங்குகிறது. நீளத்தில் மூன்றின் அடுக்கு 1, பரப்பில் 2. இடையில் எந்த அடுக்கில் இந்தப் பெருக்கம் மிகச் சரியாக 1 ஆகும் என்று கேட்கலாம். 3-இன் எந்த அடுக்கு 4 ஆகும் என்பதே அந்தக் கேள்வி. விடை log 4 ÷ log 3, ஏறத்தாழ 1.2619. வளைவரையின் பரிமாணம் என்று இதைச் சொல்கிறார்கள். கோட்டுக்குரிய 1-ஐவிடக் கூடுதல், தளத்துக்குரிய 2-ஐவிடக் குறைவு. முழு எண்ணாக இல்லாத பரிமாணத்துக்கு இடம் தரும் வரையறையை 1918-ல் ஜெர்மானியக் கணிதவியலாளர் ஹவுஸ்டார்ஃப் தந்தார். 1967-ல் பெனுவா மாண்டெல்பிரோ, பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்ற கேள்வியோடு ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் கோக்கின் வளைவரையை மீண்டும் எடுத்துவந்தார். அளவுகோலைச் சிறிதாக்க ஆக்கக் கடற்கரையின் அளவு கூடிக்கொண்டே போவதை லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் அதற்கு முன்பே அளந்து பதிந்திருந்தார். அந்தப் பதிவுகளிலிருந்து பிரிட்டனின் மேற்குக் கரைக்கு மாண்டெல்பிரோ கண்ட எண் 1.25.